ஏழாம் கேள்வி: தேயிலையை நொதிக்க வைப்பது எது?

கோயம்புத்தூரில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் பானங்கள் பற்றிய பாடத்தை நான் எடுக்கத் தொடங்கியபோது, எனக்கு முன்பிருந்தவர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்த ஒரு வினாத்தொகுப்பையும் சேர்த்தே என்னிடம் ஒப்படைத்தார்கள். காப்பி, தேயிலைப் பகுதிக்கு அதில் இருபது கேள்விகள் இருந்தன, விடைத்தாளும் இணைக்கப்பட்டிருந்தது. ஏழாவது கேள்வி இது: "பிளாக் டீ தயாரிப்பில் நொதித்தலை நிகழ்த்துவது எது? அ) ஈஸ்ட் ஆ) பாக்டீரியா இ) இலையிலேயே உள்ள நொதிகள் ஈ) உலர்த்தும் வெப்பம்." விடைத்தாளில் 'அ' என்று இருந்தது. நான் அதைச் சரிபார்க்காமல் அப்படியே வகுப்பில் தேர்வு வைத்தேன். 34 பேரில் 26 பேர் ஈஸ்ட் என்று எழுதியிருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டேன்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று, கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவி வகுப்பு முடிந்த பிறகும் போகாமல் நின்றாள். அவளுடைய வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கொழுந்து பறித்து ஃபேக்டரிக்குப் போடும் குடும்பம். "மேடம், எங்க ஊர் ஃபேக்டரியில ஈஸ்ட்டுன்னு ஒண்ண யாரும் போட்டு நான் பார்த்ததே இல்ல. மெஷின்ல இலை அரைஞ்சு விழுந்ததும் அதுவா செவக்க ஆரம்பிச்சிடும்" என்றாள். காற்றிலேயே ஈஸ்ட் இருக்கிறது, இட்லி மாவுக்கு யாரும் எதையும் போடுவதில்லையே என்று நான் பதில் சொன்னேன். அவள் தலையாட்டினாள், ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அன்று இரவு தேயிலை வேதியியல் பற்றி உட்கார்ந்து படித்தபோதுதான் அவள் சொன்னது சரி, விடைத்தாளும் நானும் தவறு என்பது எனக்கு உறுதியானது. அந்த எட்டுப் பேரில் 'இ' என்று எழுதியவர்களுக்கு மறுநாள் மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

ஆனால் 26 பேர் ஒரே தவறான விடைக்குப் போனதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். நம் மொழியில் நொதித்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் மனதில் எழுவது புளித்துப் பொங்கும் மாவு. இட்லி மாவு, ஆப்ப மாவு, பழைய சோறு, கள் என நமக்குத் தெரிந்த நொதித்தல்கள் எல்லாமே நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. தேயிலைத் தொழிலிலும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அரைத்த இலை தானாகச் சிவப்பதையும் மணம் மாறுவதையும் பார்த்து அதற்கு ஃபெர்மென்டேஷன் என்று பெயர் வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியத் தேயிலைச் சங்கத்தின் அறிவியலாளராக இருந்த ஹரால்ட் மான் போன்றவர்களின் ஆய்வுகள் இலைக்குள்ளேயே இருக்கும் நொதிதான் இந்த மாற்றத்தைச் செய்கிறது என்பதை நிலைநாட்டின. ஆனாலும் பழைய பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் நீலகிரியில் எந்த ஃபேக்டரிக்குள் போனாலும் அந்தக் கட்டத்தை ஃபெர்மென்டிங் என்றுதான் சொல்வார்கள். தமிழில் நொதி என்பதும் நொதித்தல் என்பதும் ஒரே வேரிலிருந்து வருவதால், நொதியால் நடப்பது என்று பொருள் கொண்டால் சொல்லில் பிழை இல்லை. மாவு புளிப்பதை நினைத்துக்கொண்டு அதைப் படிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

உண்மையில் தேயிலையில் நடப்பதற்கு நம் சமையலறையில் வேறொரு உறவு இருக்கிறது. வாழைக்காயையோ கத்தரிக்காயையோ நறுக்கியவுடன் தண்ணீரில் போடுகிறோம், போடாவிட்டால் கறுத்துவிடும். காயின் செல்களுக்குள் பாலிஃபீனால்கள் ஓர் அறையில் இருக்கின்றன, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி வேறோர் அறையில் இருக்கிறது. கத்தி படும்போது இடைச்சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன, காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்தவுடன் நிறம் மாறுகிறது. தண்ணீரில் போட்டால் காற்று போய்ச் சேர்வது குறைகிறது. தேயிலையிலும் இதே நொதிதான், இதே வேலைதான். வாழைக்காயில் நாம் தவிர்க்க நினைப்பதைத் தேயிலையில் வேண்டுமென்றே நடத்துகிறார்கள். அதை எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் நடத்துகிறார்கள் என்பதில்தான் பிளாக் டீயின் சுவை பெருமளவு அடங்கியிருக்கிறது.

இதை வாயால் சொல்லி நம்பவைப்பதைவிடக் காட்டிவிடுவது நல்லது என்று தோன்றியது. அடுத்த வாரம் ஊருக்குப் போன மாணவியிடம் அரைக் கிலோ கொழுந்து கொண்டுவரச் சொன்னேன். ஞாயிறு பிற்பகல் பறித்த இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்தை, காற்றுப் போகும் வலைப்பையில் தளர்வாகப் போட்டு எடுத்து வந்து, விடுதி அறையில் செய்தித்தாள் மேல் இரவு முழுவதும் பரப்பி வைத்திருந்தாள். இதுவே வாட்டுதல். பறித்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஃபேக்டரியில் கம்பிவலைத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வைத்து அதில் ஒரு பகுதியை இறக்குகிறார்கள். காலையில் அவள் கொண்டுவந்த கொழுந்தின் காம்பை மடக்கினால் ஒடியாமல் வளைந்தது, கையில் பிடித்து அழுத்தித் திறந்தால் விரிந்து உதிராமல் உருண்டையாகவே நின்றது. வாட்டல் போதுமா என்பதற்கு அவள் பாட்டி பார்க்கும் சோதனையும் இதுதானாம். பையின் மூலையில் அழுந்திக் கசங்கிய நாலைந்து இலைகள் மட்டும் விளிம்பில் செம்பழுப்பாகியிருந்தன. மூட்டையில் அழுத்திக் கட்டிய பசுந்தேயிலை ஃபேக்டரி வாசலில் ஏன் தரம் குறைகிறது என்பதற்கு அந்த நாலைந்து இலைகளே போதுமான விளக்கமாக இருந்தன. கசங்கிய இடத்தில் செல் உடைந்துவிட்டது, நேரம் ஓடத் தொடங்கிவிட்டது.

கொழுந்தை மூன்று பங்காகப் பிரித்தோம். முதல் பங்கை அப்படியே கல்லுரலில் இடித்தோம். மிக்ஸியில் போட்டால் சூடேறிவிடும் என்பதால் உரலை எடுத்தோம். ஃபேக்டரியில் இலையை அரைக்கும் சி.டி.சி. இயந்திரத்தில் எதிரெதிரே வெவ்வேறு வேகத்தில் சுழலும் பல் வெட்டிய உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு விழுகிறது, உரலில் நாங்கள் செய்தது அதன் எளிய வடிவம். இரண்டாம் பங்கை இட்லிப் பாத்திரத்தில் இரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, ஆறவிட்டு, பிறகு இடித்தோம். மூன்றாம் பங்கையும் அதேபோல ஆவியில் வைத்து, ஆறவிட்டு, இடித்து, அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த பேக்கரி ஈஸ்ட்டைத் தெளித்தோம். இந்த மூன்றாவது தட்டு இல்லாவிட்டால் சோதனை முழுமையாகாது. ஆவி நொதியை மட்டுமல்ல, இலைமேல் இருந்த ஈஸ்ட்டையும் அல்லவா கொன்றிருக்கும் என்று யாராவது கேட்டால் இரண்டு தட்டுகளை வைத்துப் பதில் சொல்ல முடியாது. மூன்று தட்டுகளையும் ஈரத்துணியால் மூடி வைத்தோம்.

இருபது நிமிடத்தில் முதல் தட்டின் பச்சை மங்கி மண்பச்சையானது. முக்கால் மணி நேரத்தில் செம்பு நிறம் தெளிவாகத் தெரிந்தது. அதைவிட மூக்குக்குத் தெரிந்த மாற்றம்தான் மாணவர்களை நெருங்கி வரவைத்தது. இடித்தவுடன் புல் வெட்டிய வாடையாக இருந்தது, ஒரு மணி நேரத்தில் கனிந்த ஆப்பிளை நினைவூட்டும் இனிய மணமாகியிருந்தது. ஃபேக்டரி மேற்பார்வையாளர்கள் ஒரு கைப்பிடியை எடுத்து முகர்ந்து பார்த்து நேரத்தை முடிவு செய்வது இந்த மணத்தை வைத்துத்தான். இரண்டாம் தட்டு பச்சையாகவே இருந்தது. மூன்றாம் தட்டும் பச்சைதான், ஆனால் அதில் பன் வாசனை வந்தது. ஈஸ்ட் தன் வேலையைச் செய்தும் இலை சிவக்கவில்லை. ஏழாம் கேள்விக்கு 'அ' என்று எழுதியிருந்த ஒரு மாணவன் அந்தத் தட்டை எடுத்து இருமுறை முகர்ந்துவிட்டு, "அப்போ கிரீன் டீயில நடக்கிறது இந்த ரெண்டாவது தட்டா மேடம்?" என்று கேட்டான். ஆம். பறித்த சிறிது நேரத்திலேயே ஆவியாலோ சூடான வாணலியாலோ நொதியை அழித்துவிட்டால் கிரீன் டீ. ஜப்பானில் பெரும்பாலும் ஆவி, சீனாவில் பெரும்பாலும் வாணலி.

சுவை எப்படி மாறுகிறது என்பதைப் பார்க்க, முதல் தட்டிலிருந்து மூன்று கட்டங்களில் மாதிரி எடுத்தோம். இருபது நிமிடத்தில் ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டரை மணி நேரத்தில் ஒன்று. ஒவ்வொன்றையும் மெல்லிய பரப்பாக ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே வைத்து மொறுமொறுப்பாக உலர்த்தினோம். பிறகு மூன்றையும் ஒரே அளவில், 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம், ஆறு நிமிடம் மூடி வைத்து வடித்தோம். பானத்தைச் சுவைத்து ஒப்பிடுவதற்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு இது. வீட்டில் குடிக்கும் டீயைவிடக் கடுமையாக இருக்கும், ஆனால் குறை தெளிவாக வெளிப்படும்.

இருபது நிமிட டீ வெளிறிய மஞ்சளாக, பச்சை வாடையுடன், நாக்கின் ஓரத்தில் கரகரக்கும் துவர்ப்பாக இருந்தது. ஒரு மணி நேர டீ ஒளிவிடும் ஆரஞ்சுச் சிவப்பு, வாய்க்குள் ஒரு சுறுசுறுப்பு, குடித்து முடித்ததும் வாய் சுத்தமானது போன்ற உணர்வு. இரண்டரை மணி நேர டீ நிறத்தில்தான் மற்ற இரண்டையும் மிஞ்சியது. கருஞ்சிவப்பாக இருந்தாலும் வாயில் ஒன்றும் பிடிக்கவில்லை, தட்டையாக இறங்கிப் போனது. பிறகு மூன்றிலும் இரண்டு தேக்கரண்டி பால் ஊற்றச் சொன்னேன். ஒரு மணி நேர டீ பொன்னிறத்துக்கு மாறியது. இரண்டரை மணி நேர டீ சாம்பல் பூத்த பழுப்பாகியது. கடைகளில் சில நாள் நமக்குக் கிடைக்கும், டிகாக்ஷன் கூடுதலாக இருந்தும் உயிரில்லாத டீயின் நிறம் அதுதான் என்று பலர் உடனே அடையாளம் கண்டார்கள்.

காரணம் இப்படி. இலையிலுள்ள கேட்டக்கின்கள் என்னும் பாலிஃபீனால்கள் ஆக்சிஜனுடன் சேர்ந்து முதலில் தியாஃப்ளேவின்களாக மாறுகின்றன. இவை பொன்மஞ்சள் நிறமுடையவை, டீக்கு ஒளியையும் அந்தச் சுறுசுறுப்பையும் தருபவை. நேரம் போகப் போக கேட்டக்கின்களும் தியாஃப்ளேவின்களும் தியாருபிஜின்கள் என்னும் பெரிய, கருஞ்சிவப்பான கூட்டுப்பொருள்களாகின்றன. நிறமும் கனமும் இவற்றிலிருந்து கிடைக்கின்றன. தியாஃப்ளேவின் அளவு ஏறி ஓர் உச்சியைத் தொட்டு இறங்கும். தியாருபிஜின் ஏறிக்கொண்டே போகும். நேரம் கூடக் கூடச் சுவை கூடும் என்று மாணவர்கள் நினைப்பது இங்கேதான் தவறுகிறது, நிறம் கூடுவதும் சுவை கூடுவதும் ஒன்றல்ல. அந்த உச்சி எப்போது வரும் என்பது இலையின் ரகம், எவ்வளவு நுணுக்கமாக அரைபட்டது, அறையின் சூடு ஆகியவற்றைப் பொறுத்தது. சி.டி.சி. முறையில் பொதுவாக ஒரு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். முழு இலையை முறுக்கும் ஆர்த்தடாக்ஸ் முறையில் செல்கள் அவ்வளவு உடைவதில்லை, ஆகவே கூடுதல் நேரம் பிடிக்கும். அறை சூடானால் வேகம் கூடுகிறது, ஆனால் உச்சி தாழ்ந்துவிடுகிறது. அதனால்தான் ஃபேக்டரிகளில் குளிர்ந்த ஈரக்காற்றை ஓயாமல் செலுத்துகிறார்கள். கோயம்புத்தூரின் வெயிலில், எங்கள் வகுப்பறை மின்விசிறியின் கீழ், எங்களுக்குக் கிடைத்த ஒரு மணி நேர டீ குன்னூரில் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

உலர்த்துதலை வெறும் ஈரம் போக்கும் கட்டமாக வினாத்தொகுப்பு வைத்திருந்தது. அது முக்கால் உண்மைதான். உலர்த்துவது நொதியை நிறுத்தும் கட்டமும்கூட. ஈரமான தூள் டிரையருக்குள் போன முதல் சில நிமிடங்களில் அதன் சூடு ஏறும்போது, நொதி சாவதற்கு முன் சற்று நேரம் முன்னைவிட வேகமாக வேலை செய்கிறது. டிரையரின் சூடு குறைவாக இருந்தாலோ, தூளை அடர்த்தியாகப் போட்டாலோ அந்தச் சற்று நேரம் நீண்டுவிடும். டீ வேகவைத்தது போன்ற மந்தமான சுவையைப் பெறும், சுவைஞர்கள் இதை ஸ்டூட் என்பார்கள். மறுபக்கம், சூடு அதிகமானால் தூளின் மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே ஈரம் தங்கும். அன்றைக்கு நன்றாகத் தெரியும் டீ, மூன்று வாரம் மூட்டையில் இருந்தபின் பூஞ்சை வாடையுடன் வெளிவரும். கடைசியில் நிற்க வேண்டிய ஈரம் சுமார் 3 விழுக்காடு.

இனி காப்பிக்கு வருகிறேன், ஏனென்றால் அதே வினாத்தாளின் பன்னிரண்டாம் கேள்வி இந்தக் குழப்பத்தின் மறுபாதி. "ஈரமுறையில் காப்பிக் கொட்டையைத் தொட்டியில் நொதிக்க வைப்பதன் முதன்மை நோக்கம் என்ன?" என்பது கேள்வி, "மணமும் நிறமும் உண்டாக்க" என்பது விடைத்தாளின் பதில். தேயிலையின் வேலையைத் தூக்கிக் காப்பியின் தலையில் வைத்துவிட்டார்கள், காப்பியின் நுண்ணுயிரைத் தூக்கித் தேயிலையில் வைத்துவிட்டார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்ததால் விடைகள் இடம் மாறிக்கொண்டன.

ஜனவரியில் ஏற்காட்டில் ஒரு தோட்டத்துக்கு மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். பழுத்த காப்பிப் பழத்தை விரலால் அழுத்தினால் தோல் பிதுங்கி, வழுவழுப்பான இரண்டு கொட்டைகள் வெளியே வரும். பல்ப்பர் இயந்திரமும் அதையேதான் செய்கிறது. தோல் போனாலும் கொட்டையின்மேல் தேன் பூசியதுபோல ஒரு கொழகொழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அது பெக்டினும் சர்க்கரையும் கலந்தது. தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாது. அப்படியே காயப்போட்டால் கொட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடிக்கும். அதனால் தொட்டியில் குவித்து வைக்கிறார்கள். அங்கே லாக்டிக் அமில பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகி, கொழகொழப்பு கரைந்து நழுவுகிறது, புளிப்பு ஏறுகிறது. இட்லி மாவின் உண்மையான உறவு இதுதான். ஈஸ்ட், பாக்டீரியா என்ற விடைகள் இந்தத் தொட்டிக்குப் பொருந்துமே தவிர, தேயிலை மேடைக்குப் பொருந்தாது.

அந்தத் தோட்டத்தில் முதல் நாள் மாலை ஐந்து மணிக்குத் தொட்டியில் போட்ட கொட்டையை மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பார்த்தோம். மேற்பார்த்த பெரியவர் கைநிறைய அள்ளித் தண்ணீரில் அலசி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே தேய்த்தார். சோப்புப் போல வழுக்கியது. "இன்னும் ஆவல" என்று திரும்பப் போட்டார். நண்பகலில் மறுபடி தேய்த்தபோது, கூழாங்கல்லைத் தேய்ப்பதுபோல கரகரவென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான், உடனே தண்ணீர் திறந்து கழுவத் தொடங்கினார்கள். பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு மாணவி நோட்டில் "பத்தொன்பது மணி" என்று எழுதுவதைப் பார்த்த பெரியவர், "அத எழுதாதம்மா. பனி கூடுனா நாளைக்கு இருபத்தஞ்சு ஆகும். கீழ்த்தோட்டத்துல பன்னெண்டுலயே ஆயிரும். கையத்தான் கேக்கணும்" என்றார். மார்கழியில் மாவு பொங்க நேரமாகும் என்பது தெரிந்த எல்லோருக்கும் அது உடனே விளங்கியது. அதுவரை எங்கள் வினாத்தொகுப்பில் "காப்பி நொதிக்கும் காலம் எத்தனை மணி?" என்று ஒரு கேள்வி இருந்தது. அதை நீக்கிவிட்டு, நொதித்தல் முடிந்ததை எப்படி அறிவது என்று கேட்கிறேன்.

ஆக, தொட்டியின் முதன்மை வேலை கொழகொழப்பை நீக்குவது. அதற்கு உறுதியான சான்று, இதே வேலையை உராய்வால் செய்யும் இயந்திரங்கள் இருக்கின்றன என்பதும், அந்த இயந்திரத்தில் கழுவிய கொட்டையும் நல்ல காப்பியாகவே வருகிறது என்பதும்தான். தேயிலையில் ஆக்சிஜனேற்றத்தை எடுத்துவிட்டால் பிளாக் டீ என்பதே இல்லை. காப்பியில் தொட்டியை எடுத்துவிட்டாலும் காப்பி காப்பிதான். இப்படிச் சொல்வதால் தொட்டிக்குச் சுவையில் பங்கே இல்லை என்றாகாது. அங்கே உண்டாகும் அமிலங்களும் மணப்பொருள்களும் சிறிதளவு கொட்டையைத் தொடுகின்றன. ஆனால் தொட்டியின் தாக்கம் பெரிதாகத் தெரிவது அது கெடும்போதுதான்.

அதை நாங்கள் கல்லூரியிலேயே பார்த்தோம். ஒரு மாதிரியைச் சுவைக்க ஐந்து கிண்ணங்கள் வைப்பது வழக்கம். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கொட்டையைத் தனித்தனியாக எடைபோட்டு, தனித்தனியாக அரைத்து, 8 கிராமுக்குச் சற்று மேல் தூளில் 150 மில்லி வெந்நீர் ஊற்ற வேண்டும். ஏன் ஒரே குவியலாக அரைக்கக் கூடாது என்று மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். அன்று நான்கு கிண்ணங்கள் எலுமிச்சையின் மெல்லிய புளிப்புடன் சுத்தமாக இருந்தன. மூன்றாவது கிண்ணத்தின் ஆடையைக் கரண்டியால் விலக்கியதும் அழுகிய வெங்காய நாற்றம் எழுந்தது, பக்கத்தில் நின்றவர் பின்வாங்கினார். ஒரே ஒரு கெட்ட கொட்டைதான் அதற்குக் காரணமாக இருந்திருக்கும். ஸ்டிங்கர் என்று அதற்குப் பெயர். பல்ப்பரின் இடுக்கிலோ தொட்டியின் மூலையிலோ முந்தின நாள் கொட்டை சில ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டால், அடுத்த நாள் கொட்டையுடன் சேர்ந்து மேலும் ஒரு நாள் நொதிக்கின்றன. பச்சைக் கொட்டையாக இருக்கும்போது கண்ணுக்குப் பெரிதாக வேறுபாடு தெரியாது, வெட்டினாலோ வறுத்து அரைத்தாலோதான் நாற்றம் வரும். எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்திருந்தால் அந்த ஒரு கொட்டை ஐந்து கிண்ணங்களிலும் பரவி, மொத்தக் காப்பியும் சுமார் என்று எழுதியிருப்போம். தொட்டியை ஒவ்வொரு நாளும் தேய்த்துக் கழுவாத தோட்டம் என்று கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

ஈரமுறைக்கும் உலர்முறைக்கும் இடையிலான சுவை வேறுபாடு நம் ஊர்க் காப்பித்தூள் கடைப் பலகையிலேயே எழுதியிருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. 'பிளான்டேஷன் ஏ' என்றால் ஈரமுறையில் கழுவிய அரபிகா, 'ஏ' என்பது கொட்டையின் அளவு. 'செர்ரி' என்றால் பழத்தை முழுதாகக் காயவைத்துப் பிறகு உமி நீக்கியது. 'ரொபஸ்டா பார்ச்மெண்ட்' என்றால் கழுவிய ரொபஸ்டா. 'பீபெரி' மட்டும் பதமுறையைக் குறிப்பதல்ல, பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை அது. இந்த நான்கையும் பொருத்துக என்று கேட்டபோது பீபெரியைத்தான் அதிகம் பேர் தவறவிட்டார்கள். பிளான்டேஷனில் புளிப்பு தெளிவாகவும் சுவை சுத்தமாகவும் இருக்கும். செர்ரியில் புளிப்பு அடங்கி, கனமும் பழ இனிப்பும் கூடும், காயவைத்தவர் கவனமில்லாதவராக இருந்தால் மண்வாடையும் கூடும்.

பழச்சாறு கொட்டைக்குள் ஊறுவதால்தான் செர்ரி இனிக்கிறது என்று நானும் முன்பு சொல்லிக்கொடுத்தேன். அது போதுமான விளக்கம் அல்ல. காப்பிக் கொட்டை ஒரு விதை, பறித்த பிறகும் உயிருடன் இருக்கிறது. தோலை உரித்து ஈரத்தில் வைத்தவுடன் முளைப்பதற்கான வேலையைத் தொடங்குகிறது, அந்த வேலையில் தன்னிடமுள்ள குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் செலவிடுகிறது. பழத்துக்குள்ளேயே காயும் விதையில் அவை கூடுதலாக மிஞ்சுகின்றன. வறுக்கும்போது இந்த மிச்சமும் மணமாக மாறுகிறது.

வறுத்தல் என்று சொல்லும்போது இரண்டு பானங்களையும் பிரிக்கும் முக்கியமான கோடு வந்துவிடுகிறது. தேயிலை ஃபேக்டரியை விட்டு வெளியே வரும்போது அதன் சுவை முடிந்துவிட்டது. காப்பிக் கொட்டை தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது அதில் காப்பி மணமே இல்லை. உலர்ந்த பட்டாணி வாடைதான் இருக்கும். அதை 200 டிகிரியை ஒட்டிய சூட்டுக்குக் கொண்டுபோய், மக்காச்சோளம் பொரிவதுபோல முதல் வெடிப்பு கேட்கும்போதுதான் நாம் அறிந்த காப்பி பிறக்கிறது. "சுவையை அதிகம் தீர்மானிக்கும் கட்டம் எது?" என்ற கேள்விக்குத் தேயிலையில் ஆக்சிஜனேற்றம் என்றும் காப்பியில் வறுத்தல் என்றும் எழுதினால் நான் மதிப்பெண் கொடுக்கிறேன். தோட்டத்தில் கெட்டதை வறுத்துச் சரிசெய்ய முடியாது என்று சேர்த்து எழுதுபவருக்குக் கூடுதலாக ஒன்று.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடந்த ஆண்டு ஒரு மாணவன் அதைக் கொண்டே என்னை மடக்கினான். சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூ-அர் தேயிலையில் நுண்ணுயிர்கள் உண்மையாகவே வேலை செய்கின்றன. ஏற்கெனவே பதப்படுத்திய இலையை நனைத்துக் குவித்து, மூடி, வாரக்கணக்கில் உள்ளிருந்தே சூடேற விடும் விரைவு முறையைக் குன்மிங் தேயிலை ஆலையில் 1973இல் உருவாக்கினார்கள். காளானையும் ஈரமண்ணையும் நினைவூட்டும் அதன் சுவை அந்தக் குவியலில் வளரும் பூஞ்சைகளின் வேலை. ஆகவே ஏழாம் கேள்வியில் "பிளாக் டீ" என்ற சொற்களை இப்போது தடித்த எழுத்தில் அச்சிடுகிறேன்.

கேள்வியையும் மாற்றிவிட்டேன். இப்போதைய ஏழாம் கேள்வி இது: "ஒரு ஃபேக்டரியின் டீ நல்ல கருஞ்சிவப்பாக இருக்கிறது, ஆனால் வாயில் சுறுசுறுப்பு இல்லை, பால் ஊற்றினால் சாம்பல் கலந்த பழுப்பாகிறது. எந்தெந்தக் கட்டத்தில் என்ன தவறு நடந்திருக்கலாம்? இரண்டு காரணங்கள் எழுதுக." நான் விடைத்தாளில் எழுதி வைத்திருந்த இரண்டு: ஆக்சிஜனேற்றத்தைக் கூடுதல் நேரம் விட்டது அல்லது அறை சூடாக இருந்தது, டிரையரில் சூடு மெதுவாக ஏறியது. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டில் ஒன்றையாவது எழுதிவிட்டார்கள். கோத்தகிரி மாணவி முதலாவதை மட்டும் எழுதிவிட்டு, இரண்டாவதாக வேறொன்றை எழுதியிருந்தாள்: "மழை விட்ட பிறகு கொழுந்து குவியும் மாதத்தில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வரும். அரைக்கும் மெஷின் எல்லாவற்றையும் அரைத்துத் தள்ளிவிடும், டிரையர் ஒன்றுதான். நேரம் சரி என்று மேஸ்திரிக்குத் தெரிந்தாலும், அரைத்த தூள் டிரையருக்காக வரிசையில் காத்திருக்கும்." அதை என் விடைத்தாளில் மூன்றாவது காரணமாகச் சேர்த்துக்கொண்டேன்.